மரத்துப்போகும் ஊசி: ஒரு சம்மதத் தாளைத் திரும்ப எழுதியது

பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷெட்டில் வேலை செய்கிறவர். வயது 52. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். பஸ் போர்டு, கரண்ட் பில், ரேஷன் கடை அறிவிப்பு எல்லாம் விரலை வைத்து மெதுவாகப் படிப்பார். வலது தோள்பட்டைக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொழுப்புக் கட்டி. பல வருடமாக இருந்தும் தொந்தரவு இல்லை. ஈரத்தோலைத் தோளில் போட்டுத் தூக்கும்போது உறுத்த ஆரம்பித்ததால் எடுத்துவிடலாம் என்று வேலூரில் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு நாள் குறித்தார். கையில் ஒரு சம்மதப் படிவம் கொடுத்து, வரும்போது கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள்.

குறித்த நாளில் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது. காலையில் ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். பதினொரு மணிக்கு அவர் முறை வருவதற்குள் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு. குளுக்கோஸ் கொடுத்து, இட்லி வாங்கிக் கொடுத்து, மதியம் வரை படுக்க வைத்து, இன்னொரு நாள் குறித்து அனுப்பினோம். ஒரு நாள் கூலி போனது, பஸ் காசும் போனது.

ஏன் சாப்பிடாமல் வந்தீர்கள் என்று கேட்டேன். "இதுல மயக்க மருந்துன்னு போட்டுகிதே மேடம். மயக்கம் குடுக்கணும்னா வெறும் வயித்துல வரணும்னு தெரியாதா எனக்கு?" என்று படிவத்தை எடுத்துக் காட்டினார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் இங்கே மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். அந்தப் படிவத்தை நூற்றுக்கணக்கான பேரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை ஒரு நோயாளியின் கண்ணால் படித்தேன். அதன் முன்பக்கத்தில் இருந்தது இந்த ஒரே வாக்கியம்:

"கீழே கையொப்பமிட்டுள்ள நான், எனக்கு மேற்கொள்ளப்படவிருக்கும் அறுவை சிகிச்சையின் தன்மை, அதனால் ஏற்படக்கூடிய பக்கவிளைவுகள் மற்றும் உள்ளூர் மயக்க மருந்து அளிக்கப்படுவதால் நேரக்கூடிய அபாயங்கள் குறித்து எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டதை உணர்ந்து, எவ்வித அசம்பாவிதத்திற்கும் மருத்துவமனையோ மருத்துவரோ பொறுப்பல்ல என்பதையும் ஏற்று, முழு மனதுடன் சம்மதிக்கிறேன்."

எழுத்துப் பிழை எதுவும் இல்லை, இலக்கணமும் சரி. ஆனாலும் இதைப் படித்தவருக்குத் தவறான ஒரு செய்திதான் போய்ச் சேர்ந்தது. அது எப்படி நடந்தது என்பதையும், அதை வரிவரியாக எப்படி மாற்றினோம் என்பதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த "உள்ளூர் மயக்க மருந்து". ஆங்கிலப் படிவத்தில் இருந்த சொல்லை யாரோ அகராதி வைத்துப் பெயர்த்திருக்கிறார்கள். உள்ளூர் என்றால் நம் ஊர்க்காரருக்கு உள்ளூர்தான், அதாவது வெளியூர் இல்லை. உள்ளூரில் தயாரான மருந்து போல என்று ஒருவர் என்னிடம் உண்மையாகவே சொல்லியிருக்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல் மயக்கம் என்ற சொல். தமிழில் மயக்கம் என்றால் நினைவு தப்புவது. தலை சுற்றி விழுவதும் மயக்கம், பெரிய ஆப்பரேஷனுக்குத் தூங்க வைப்பதும் மயக்கம். கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் ஊசி போட்டால் இதில் எதுவுமே நடக்காது. அந்த இடத்து நரம்புகள் வலியைக் கொண்டுபோகாமல் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும், அவ்வளவுதான். ஆள் முழு நினைவோடு இருப்பார், பேசுவார், டாக்டர் கை வைத்து அழுத்துவது, இழுப்பது எல்லாம் அவருக்குத் தெரியும்.

மயக்கம் என்று எழுதிவிட்டால் இரண்டு விதத்தில் கெடுதல் வருகிறது. ஒன்று, இவருக்கு நடந்தது போலப் பட்டினியாக வருவார்கள். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் அதைப் போட்டால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். இரண்டு, மேஜையில் படுத்தபிறகு, "ஐயோ, எனக்கு இன்னும் முழிப்பு இருக்குதே" என்று பயந்து எழுந்து உட்காருவார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். வலி இல்லாத இழுப்பைக் கூட வலி என்றே எடுத்துக்கொண்டு கத்துகிறவர்கள் உண்டு. அது பயத்தின் வேலை.

இதற்கு மக்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. பல் பிடுங்கப் போன எல்லோருக்கும் தெரிந்தது: மரத்துப்போகும் ஊசி. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதே, அதே சொல். உணர்வகற்றி, இடமரப்பு என்றெல்லாம் கலைச்சொற்கள் உண்டு, பாடநூலுக்கு அவை சரி. ஒரு கட்டியை எடுக்க வந்தவர் கையில் கொடுக்கும் தாளில் அவை வேண்டாம். பல் டாக்டரை நினைவுபடுத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. "இந்த மருந்துக்கு உங்களுக்கு ஒவ்வாமை உள்ளதா?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் இல்லை என்றே சொல்வார்கள், கேள்வி புரியாததால். "பல் பிடுங்க ஊசி போட்டிருக்கிறார்களா? அப்போது மூச்சு வாங்கியதா, உடம்பு தடித்ததா?" என்று கேட்டால் நிஜமான பதில் வரும்.

இதே மாதிரி வெளியே ஒரு பொருளும் உள்ளே வேறு பொருளுமாக நிற்கும் சொற்கள் இன்னும் சில அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் இருந்தன. தொற்று ஏற்படலாம் என்று ஒரு வரி. கொரோனாவுக்கு முன்னால் இந்தச் சொல் பலருக்குத் தெரியாது. இப்போது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வேறு பொருளில். வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஒரு அம்மா ஆப்பரேஷன் முடிந்து போய்ப் பேரக்குழந்தையைப் பத்து நாள் தொடவே இல்லையாம். நாம் சொல்ல வந்தது சீழ் பிடிப்பதைப் பற்றி. அப்படியானால் சீழ் பிடிக்கலாம் என்றே எழுதிவிடலாம். கொழுப்புக் கட்டி என்ற பெயரே சிலரை எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்த வைக்கிறது, ஏதோ சாப்பாட்டில் தப்பு செய்துவிட்டதாக. பயாப்சி என்றால் கேன்சர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எடுத்த கட்டி எதுவானாலும் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம் என்பதைச் சொல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் எழுதினால், முடிவு வரும்வரை ஒரு வீடே தூங்காது.

சொல்லை மாற்றினால் பாதி வேலைதான் முடிகிறது. வாக்கியத்தின் கட்டு அதைவிடத் தொல்லை. தமிழில் வினை கடைசியில் வரும். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் முழு வாக்கியத்தையும் மனசில் பிடித்துக்கொண்டு கடைசி வினைக்குக் காத்திருப்பார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரால் அது முடியாது. "மேற்கொள்ளப்படவிருக்கும்" என்ற ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் அவர் ஆரம்பத்தை மறந்துவிடுவார். மேலே உள்ள வாக்கியத்தில் "சம்மதிக்கிறேன்" என்பது கடைசிச் சொல். தான் என்ன செய்கிறோம் என்பதே அங்கே போய்த்தான் தெரிகிறது.

ஆங்கிலத்தில் சொல்லின் அசைகளையும் வாக்கியத்தின் நீளத்தையும் எண்ணி, இது எத்தனையாம் வகுப்புக்காரர் படிக்கக்கூடியது என்று கணக்குப் போடுவார்கள். அந்தச் சூத்திரத்தை அப்படியே தமிழுக்குப் போட முடியாது. நம்முடைய சொல் ஒட்டி ஒட்டி வளர்வது. "வீட்டிலிருந்து" என்பது நீளமான சொல்தான், ஆனால் எல்லோருக்கும் புரியும். "அபாயம்" குட்டிச் சொல், ஆனாலும் பலர் அந்த இடத்தில் தட்டுத்தடுமாறுகிறார்கள். அதனால் நாங்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு இரண்டு விதி மட்டும் வைத்துக்கொண்டோம். ஒரு வரிக்கு ஒரு முற்று வினை. "படு" சேர்ந்து வரும் செயப்பாட்டு வினை வேண்டவே வேண்டாம். "கட்டி அகற்றப்படும்" என்று யாரும் பேசுவது கிடையாது, "டாக்டர் கட்டியை எடுப்பார்" என்றுதான் பேசுவோம். யார் செய்வது என்பது அதில் தானாகவே வந்துவிடுகிறது.

அப்படியானால் முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே எழுதிவிடலாமே என்று எங்களோடு வேலை செய்யும் ஒரு நர்ஸ் கேட்டார். எழுதிப் பார்த்தோம். "டாக்டர் கட்டிய எடுத்துருவாரு" என்று எழுதிக் கொடுத்தால், அதைப் படித்துப் பார்த்தவர்கள் இன்னும் அதிகமாகத் திணறினார்கள். காரணம் எளிது. பள்ளிக்கூடத்தில் அவர்கள் கண் பழகியது "எடுப்பார்" என்ற வடிவத்தைத்தான். பேச்சு காதுக்குப் பழக்கம், கண்ணுக்குப் பழக்கம் இல்லை. அதோடு, நம் பக்கத்து "கினு"வை அச்சில் பார்த்ததும் ஒரு பெரியவர், தங்களைக் கேலி செய்கிறார்களோ என்று முகம் சுருக்கினார். வீட்டில் உருதும் தெலுங்கும் பேசிக்கொண்டு வெளியே தமிழ் பேசுகிறவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் நிறைய. அவர்களுக்கும் பாடப்புத்தக வினைதான் பொதுவாக இருந்தது. ஆகவே சொல்லைப் பேச்சிலிருந்தும், வினை முடிவைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் எடுத்தோம்.

அப்புறம் எண். "அரிதாக", "சில சமயங்களில்" என்றெல்லாம் எழுதினால் டாக்டர் நினைப்பது ஒன்று, நோயாளி நினைப்பது ஒன்று. சிலருக்கு என்றால் பாதிப் பேருக்கு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சதவீதம் போட்டாலும் பயன் இல்லை. "நூறு பேருக்குச் செய்தால்" என்று ஆரம்பித்தால் மட்டும் புரிகிறது. நூறு பேரைக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துப் பார்க்க எல்லோராலும் முடியும். சுத்தமான தோல் காயத்தில் சீழ் பிடிப்பது நூறில் ஒன்றிரண்டு என்பது பொதுவான பாடநூல் கணக்கு. ஆனால் தாளில் போட வேண்டியது அந்தந்த மருத்துவமனையின் சொந்தக் கணக்கு. டிரெஸ்ஸிங் ரூம் நோட்டை ஒரு வருடத்துக்கு எண்ணிப் பார்த்தால் கிடைத்துவிடும். நாங்கள் எண்ணினோம், எங்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் வந்தது.

கடைசியாக நின்ற தாள் இது. பதினாலு புள்ளி எழுத்து, ஒரு தாளின் இரண்டு பக்கம். வலது ஓரத்தைச் சமமாக நிரப்பவில்லை. நிரப்பினால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவில் பெரிய ஓட்டை விழுந்து, விரல் வைத்துப் படிக்கிறவருக்கு வரி தவறும்.

> தோள்பட்டையில் உள்ள கட்டியை எடுப்பது
>
> உங்கள் வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு கட்டி இருக்கிறது. தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்ந்து வந்தது. சாப்பாட்டால் வந்தது இல்லை. டாக்டர் பார்த்தவரை இது கேன்சர் போலத் தெரியவில்லை.
>
> இதை எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. எடுக்காமலும் இருக்கலாம். அப்போது உறுத்தல் இருக்கும். கட்டி மெதுவாகப் பெரிதாகலாம். வேகமாகப் பெரிதானால் வந்து காட்டுங்கள்.
>
> அன்று காலை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எப்போதும் போல் போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? முன்பே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.
>
> கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவோம். பல் பிடுங்கப் போடும் ஊசி போன்றது. போடும்போது சுருக்கென்று வலிக்கும். கொஞ்சம் எரியும். பிறகு அந்த இடம் மரத்துப்போகும். நீங்கள் தூங்க மாட்டீர்கள். பேசலாம். தொடுவது தெரியும். இழுப்பது தெரியும். வலி தெரியாது. வலித்தால் சொல்லுங்கள். இன்னும் ஊசி போடுவோம்.
>
> டாக்டர் தோலை வெட்டுவார். கட்டியை எடுப்பார். தையல் போடுவார். அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.
>
> எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். எல்லோருடைய கட்டியையும் அனுப்புகிறோம். தையல் பிரிக்க வரும் நாளில் முடிவைச் சொல்வோம்.
>
> என்ன தொந்தரவு வரலாம்? தழும்பு எல்லோருக்கும் இருக்கும். சிலருக்கு அது தடித்து மேலே எழும்பும். நூறு பேருக்குச் செய்தால் ஒன்று இரண்டு பேருக்குச் சீழ் பிடிக்கலாம். சர்க்கரை இருந்தால் இது கொஞ்சம் அதிகம். தையலைச் சுற்றி உணர்ச்சி குறையலாம். கட்டி இருந்த இடத்தில் நீர் சேர்ந்து வீங்கலாம். அது கட்டி திரும்ப வந்தது இல்லை. எங்களிடம் வாருங்கள். ஊசியால் நீரை எடுப்போம். கட்டியே திரும்ப வருவது அபூர்வம்.
>
> வீட்டுக்குப் போனபிறகு இரண்டு நாள் கட்டு நனையக் கூடாது. 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்போம். 3 வாரம் பாரம் தூக்கக் கூடாது.
>
> உடனே வர வேண்டியது எப்போது? காய்ச்சல் வந்தால். தையலைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தால். சீழ் வந்தால். ரத்தம் கட்டை மீறி வந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். நிற்காவிட்டால் வாருங்கள்.
>
> என் சம்மதம்: இதை நான் படித்தேன் / எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். இந்தக் கட்டியை மட்டும் எடுக்க எனக்குச் சம்மதம். ஆப்பரேஷனுக்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் நான் வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் என் வைத்தியம் நிற்காது.

தாளின் நடுவில் முதுகுப் பக்கம் தெரிகிற ஒரு மனித உருவம் உண்டு. டாக்டர் அதில் கட்டி இருக்கும் இடத்தைப் பேனாவால் சுழிப்பார். வலது, இடது என்று எழுத்தில் மட்டும் விட்டால் ஆபத்து. படத்தைப் பார்க்கும்போது எந்தப் பக்கம் என்ற குழப்பம் படித்தவர்களுக்கே வரும். அதனால் படத்துக்குப் பக்கத்தில் "சோத்துக்கை பக்கம்" என்று கையால் எழுதிவிடச் சொன்னோம். ஆப்பரேஷன் அன்று டாக்டர் தோலிலும் குறி போடுகிறார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும் ஆள், இடம், செய்யப்போவது, சம்மதம் நான்கையும் நோயாளியிடமே கேட்டு உறுதி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

"இந்தக் கட்டியை மட்டும்" என்ற வரிக்குச் சட்டத்தில் அடிப்படை இருக்கிறது. சமீரா கோலி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. உள்ளே கருவி விட்டுப் பார்க்கவும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து பார்க்கவும் மட்டும் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் கேட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அவருக்கு அப்போது வயது 44. உயிருக்கு அவசரம் எதுவும் இல்லை. வயது வந்தவர், விழித்தபின் கேட்டிருக்கலாம், அம்மாவின் சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது. செய்யப்போவது என்ன, எதற்காக, வேறு வழி என்ன, குறிப்பிடத்தக்க ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும். அதே சமயம் எங்கோ ஒருவருக்கு வரக்கூடிய எல்லா ஆபத்தையும் அடுக்கி பயமுறுத்தத் தேவையில்லை என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. எங்கள் தாளின் வரிசை அதைப் பின்பற்றியதுதான்.

பழைய படிவத்தின் "மருத்துவமனை பொறுப்பல்ல" என்ற பகுதியை எடுத்தபோது அலுவலகத்தில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அது ஒரு காப்பு என்று நினைத்தார்கள். கவனக்குறைவாக வைத்தியம் செய்தால் அந்த வரி யாரையும் காப்பாற்றாது. அது செய்வதெல்லாம் கையெழுத்துப் போடுகிறவரைக் கலவரப்படுத்துவதுதான். "உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னு எழுதி வாங்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வார்டுக்குப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தோலுக்கு அடியில் உள்ள ஒரு கொழுப்புக் கட்டிக்கு அந்தப் பயம் தேவையே இல்லை.

யார் கையெழுத்துப் போடுவது என்பதிலும் இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. பெண்ணென்றால் வீட்டுக்காரர், பெரியவர் என்றால் மகன். நம்முடைய பேரணாம்பட்டுக்காரரின் முதல் படிவத்திலும் மகன்தான் கையெழுத்துப் போட்டிருந்தான். மெடிக்கல் கவுன்சிலின் 2002 விதிகளிலேயே கணவன் அல்லது மனைவி, சிறுவர் என்றால் பெற்றோர், அல்லது நோயாளி என்று வரிசை வருவதால் அந்தப் பழக்கம் விடாமல் இருக்கிறது. நினைவோடு இருக்கும் வயது வந்தவருக்கு அவருடைய சம்மதம்தான் கணக்கு. படிக்கத் தெரியாதவர் என்றால் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரிந்த, மருத்துவமனையைச் சேராத ஒருவர் பக்கத்தில் இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு நோயாளியுடையதாகவே இருக்க வேண்டும்.

இந்தத் தாளை அச்சுக்கு அனுப்பும் முன் ஓ.பி.யில் காத்திருந்த எட்டுப் பேரிடம் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். பீடி சுற்றும் இரண்டு அம்மாக்கள், ஒரு லுங்கித் தறிக்காரர், காய்கறி விற்கிறவர், இப்படி. விரல் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். "அறுவை" என்ற சொல்லில் நின்றார்கள், ஆப்பரேஷன் என்று மாற்றினேன். "வெட்டுவார்" என்ற சொல்லில் ஒருவரும் நிற்கவில்லை, ஆனால் ஒரு அம்மா தாளைக் கீழே வைத்துவிட்டார். எவ்வளவு வெட்டுவார்கள் என்று கேட்டார். விரலின் ஒரு கணு அளவு என்றதும் மறுபடி எடுத்துப் படித்தார். இன்னும் அந்த அளவைத் தாளில் சேர்க்கவில்லை, கட்டிக்குத் தகுந்தபடி மாறும் என்பதால் டாக்டர் படத்தில் கோடு போட்டுக் காட்டுகிறார்.

புரிந்ததா என்று நாங்கள் இப்போது கேட்பது இல்லை. கேட்டால் "சரிங்க" என்ற ஒரே பதில்தான் வரும். டாக்டர் எதிரில் புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். அதற்குப் பதிலாக, "வீட்டுக்குப் போய் அக்காகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க அண்ணா?" என்று கேட்கிறேன். இரண்டாவது தடவை வந்தபோது நம்மவர் சொன்னது: "சாப்ட்டு வரணும். பல்லு புடுங்குற மாதிரி ஊசி போடுவாங்க. முழிச்சிகினுதான் இருப்பேன். கட்டிய எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க, அது எல்லாருக்கும் அனுப்புறதுதான். வீங்குனா திருப்பி கட்டி வந்திச்சின்னு பயப்படக் கூடாது." ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். கேன்சர் போலத் தெரியவில்லை என்பதை. அதை வேண்டுமென்றே வாயால் சொல்லாமல் விட்டாரா, மறந்தாரா என்று தெரியவில்லை. திரும்ப ஒரு தடவை டாக்டரை விட்டே சொல்ல வைத்தேன். தோலுக்கு அடியில் மெத்தென்று நகர்கிற, அஞ்சு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டியாக இருந்ததால்தான் டாக்டரால் அப்படிச் சொல்ல முடிந்தது. அதைவிடப் பெரியது, ஆழத்தில் சதையோடு ஒட்டியது, சில மாதத்தில் வளர்ந்தது என்றால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். அந்தக் கட்டிக்கு இந்தத் தாளைக் கொடுக்கவே கூடாது.

அவர் முதலில் கேட்ட கேள்வி பழைய படிவத்தில் எங்குமே இல்லை: எத்தனை நாள் வேலைக்குப் போகக் கூடாது? கூலிக்காரருக்கு ஆப்பரேஷனின் பெரிய நஷ்டம் அதுதான். இ.எஸ்.ஐ. இருந்தால் டாக்டர் சான்றிதழோடு நோய்க்காலப் பணமாகக் கூலியில் நூற்றுக்கு 70 கிடைக்கும். ஆனால் அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தத் தாளை ஆப்பரேஷன் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுக்காமல், நாள் குறிக்கும்போதே கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. எட்டாம் நாள் அவரே வந்தார். தையலுக்குக் கீழே மெத்தென்று வீக்கம். "தண்ணிதான் சேர்ந்துகிது போல, ஊசில எடுத்துடுங்க" என்று அவரே சொன்னார். எடுத்தார்கள். பாரம் தூக்கினீர்களா என்று டாக்டர் கேட்டார். தூக்கவே இல்லை என்றார். தாளில் இருந்தபடியே நடந்ததாகச் சொன்னார். பேசப் பேசத்தான் தெரிந்தது: ஷெட்டுக்குப் போய் மூன்று நாளாக ஈரத்தோலை டிரம்மிலிருந்து தரைக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். தூக்கவில்லை, இழுத்தார், அவ்வளவுதான்.

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "3 வாரம் பாரம் தூக்கக் கூடாது. இழுக்கவும் கூடாது. தள்ளவும் கூடாது. உங்கள் வேலை என்ன என்று டாக்டரிடம் சொல்லுங்கள்."